பேஸ்மென்ட் பள்ளமும் ரிஸ்க் அசெஸ்மென்டும் (பெங்களூரு, ராமமூர்த்தி நகர் தமிழ்க் குழு)

கார்த்திக்: செல்வராஜ் அண்ணா, சைட்டுக்கு ரிஸ்க் அசெஸ்மென்ட் எழுதறேன், கொஞ்சம் பாருங்க. பேஸ்மென்ட் பள்ளம் 3.5 மீட்டர். கிழக்கே பக்கத்து வீட்டு காம்பவுண்ட் சுவர், விளிம்புலருந்து ரெண்டே அடி. முதல் வரி இப்படி: "மண் சரிவு. வாய்ப்பு 4, பாதிப்பு 5, பெருக்கினா 20. கட்டுப்பாடு: ஹெல்மெட், ஷூ, எச்சரிக்கைப் பலகை. அதுக்கப்புறம் வாய்ப்பு 2, பாதிப்பு 2, ஆக 4."

செல்வராஜ்: 20 சரி. பாதிப்பு 5 எப்படி 2 ஆச்சு?

கார்த்திக்: ஹெல்மெட் போட்டிருப்பாங்களே அண்ணா

செல்வராஜ்: ஒரு கன மீட்டர் மண்ணே ஒன்றரை டன்னுக்கு மேல வரும். நெஞ்சு வரைக்கும் மூடினா போதும், மூச்சு இழுக்க முடியாது. ஹெல்மெட் மேலருந்து விழற கல்லுக்கு. அதைத் தனி வரியா போடு. இங்க பாதிப்பு கடைசி வரைக்கும் 5-தான். குறைக்க முடியறது வாய்ப்பை மட்டும்.

செல்வராஜ்: அப்புறம் "மண் சரிவு"ன்னு ரெண்டு வார்த்தை போதாது. யார் கீழ இருக்காங்க, எதனால மண்ணு வரும்னு எழுது. ரிட்டெய்னிங் வாலுக்குக் கம்பி கட்டறவங்க வெட்டின முகத்தை ஒட்டி நாள் பூரா குனிஞ்சே வேலை செய்வாங்க. மண்ணு வந்தா ஓட வழியும் கிடையாது.

முருகேசன் மாமா: நம்ம ஊரு செம்மண்ணு செங்குத்தா வெட்டினாலும் சும்மா நிக்கும்ப்பா. எத்தனை பேஸ்மென்ட் பாத்தாச்சு. முட்டுக் கொடுக்கற ஷோரிங் எல்லாம் வீண் செலவு 😀

செல்வராஜ்: நிக்கும் மாமா, இல்லைங்கல. லேசா ஈரம் இருக்கிற வரைக்கும் அந்த ஈரமே மண்ணைப் பிடிச்சு வைக்கும். தண்ணி ஊறிட்டா அந்தப் பிடி போயிடும். அதுக்கு மழையே வேணாம். பக்கத்து வீட்டுத் தண்ணி சம்ப்போ யூஜிடி சாக்கடை பைப்போ ஒழுகினா போதும். கார்த்திக், கிழக்கே சம்ப் எங்க இருக்குன்னு கேட்டியா?

கார்த்திக்: கேக்கல அண்ணா. நாளைக்குக் காலைல கேக்கறேன்.

லதா அக்கா: எங்க பக்கத்து மனைலயும் தோண்டறாங்க. ஒரே தூசி. ஹால் சுவர்ல விரிசல் வேற. இந்த அசெஸ்மென்ட் போட்டா இன்சூரன்ஸ் கிடைக்குமா?

செல்வராஜ்: இது இன்சூரன்ஸ் இல்லக்கா, வேலையை எப்படிப் பாதுகாப்பா செய்யறதுன்னு அவங்க எழுதி வைக்க வேண்டியது. விரிசலோட ரெண்டு முனையிலும் பென்சில் கோடு போட்டு, தேதி எழுதி, ஸ்கேல் வெச்சு ஃபோட்டோ எடுங்க. கோட்டைத் தாண்டி நீண்டா அவங்க இன்ஜினியரை உடனே கூப்பிடுங்க.

கார்த்திக்: அப்போ கட்டுப்பாடு என்ன போடறது? சரிவா வெட்ட இடமில்ல.

செல்வராஜ்: கிழக்குப் பக்கத்தை ஒரே மூச்சுல திறக்காதே. ரெண்டு ரெண்டரை மீட்டர் அகலத்துக்குப் பிரிச்சு, ஒண்ணு விட்டு ஒண்ணு வெட்டு. வெட்டினதுல சுவர் ஏத்தி, கான்கிரீட் பலம் வந்து, பின்னால மண் நிரப்பின பிறகுதான் நடுவுல விட்டதைத் தொடணும். வெட்டின துண்டுக்கும் முட்டு வேணும். அகலமும் முட்டும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வரைஞ்சு கையெழுத்துப் போட்டுத் தரணும், நீயா போடாதே.

முருகேசன் மாமா: இதுல மூணு வாரம் கூடுதலாப் போகும். வெட்டின முகத்துல இரும்பு ஆணி இறக்கி சாயில் நெய்லிங் பண்ணினா சீக்கிரம் முடியும்.

செல்வராஜ்: முடியும். ஆனா ஆணி பக்கத்து மனைக்கு அடியில போகுது. அவங்க எழுத்துல சம்மதிக்கணும், சம்ப்பைக் குத்திடவும் கூடாது.

செல்வராஜ்: வெட்டின மண்ணு விளிம்புலருந்து ஒன்றரை மீட்டர், இல்ல ஆழத்துல பாதி, இதுல எது அதிகமோ அவ்வளவு தள்ளி இருக்கணும். உனக்கு 1.75. கிழக்கே அந்த இடமே இல்ல, அதனால "அன்னன்னைக்கே டிப்பர்ல வெளியேத்தணும்"னு எழுது. ஜேசிபியும் அந்தப் பக்கம் நிக்கக் கூடாது. ஏணி தரைக்கு மேல ஒரு மீட்டர் நீட்டிட்டு இருக்கணும்.

கார்த்திக்: "தினமும் சோதனை"ன்னு போட்டாச்சு 👍

செல்வராஜ்: எதைச் சோதிக்கணும்? விளிம்புக்கு இணையா மேல தரையில கோடு மாதிரி வெடிப்பு, வெட்டின முகத்துல உப்பல், அடியில கலங்கின தண்ணிக் கசிவு. காம்பவுண்ட் சுவர் சாயுதான்னு தூக்குக்குண்டு விட்டுப் பாரு. இதுல ஒண்ணு தெரிஞ்சாலும் ஆளுங்க மேல வந்துடணும். காலைல இறங்கறதுக்கு முன்னாடி, மழை விட்டதும் இன்னொரு தடவை. யார் பாக்கறாங்க, "நிறுத்து"ன்னு சொல்ல யாருக்கு அதிகாரம்னு ஒரு பேரு போடு. "சைட் டீம்"னு போட்டா ஒருத்தரும் பாக்க மாட்டாங்க.

கார்த்திக்: அப்போ மீதி ரிஸ்க் வாய்ப்பு 2, பாதிப்பு 5, ஆக 10. சரியா?

செல்வராஜ்: மழை இல்லாதப்போ 2 ஒத்துக்கலாம். அக்டோபர்ல வெட்டறதா இருந்தா நான் 3-தான் போடுவேன். 15 வரும், உங்க மேனேஜர் கையெழுத்துப் போடத் தயங்குவார்.

முருகேசன் மாமா: மாசத்துக்கு மாசம் நம்பர் மாத்தினா யாருப்பா மதிப்பான்? எல்லாத்துக்கும் 2 போட்டு விடு.

செல்வராஜ்: மழை வந்தா மாறணும் மாமா, இல்லன்னா அந்தப் பேப்பர் எதுக்கு.

கார்த்திக்: ரெண்டு வரியா போட்டுப் பாக்கறேன், மழைக்கு முன்னாடி ஒண்ணு, மழையில ஒண்ணு. சம்ப் எங்க இருக்குன்னு தெரிஞ்சதும் இங்க போடறேன்.