புதுப்பிப்பு: 2 மி.மீ. தகட்டில் 10 மி.மீ. துளைக்கான பஞ்ச், டை அளவு

என் பழைய கேள்வி: “2 மி.மீ. மென்னுருக்குத் தகட்டில் 10 மி.மீ. துளை, டையை 10.12 ஆகக் கடைந்தும் பஞ்ச் ஏன் இறுகுகிறது?”

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. பஞ்சுக்கும் டைக்கும் இடையே தகட்டின் தடிப்பில் 6 சதவீதம் இடைவெளி வேண்டும் என்று முதலில் சொன்ன நண்பரின் கணக்கு சரியே. ஆனால் அந்த 0.12 ஒரு பக்கத்துக்கானது என்பதையும், விட்டத்தில் அது இரு முறை சேரும் என்பதையும் மூத்த டை மேக்கர் ஐயாதான் சுட்டிக்காட்டினார். வெட்டுண்ட வில்லையின் விளிம்பைப் பார்க்கச் சொன்னதும் அவரே: அதில் ஒன்றுக்குப் பதிலாக இரண்டு பளபளப்பான பட்டைகள் இருந்தன, அதாவது இடைவெளி போதாமல் தகடு இரண்டாம் முறையும் வெட்டுப்பட்டிருந்தது.

கொட்டாஞ்சேனைப் பட்டறையில் பஞ்சை 10.00 இலேயே விட்டு, டையை மட்டும் 10.24 ஆக அரைத்தோம். இப்போது ஒரே பட்டை, தடிப்பில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு, மீதி சொரசொரப்பு. டையைத்தான் 10.00 ஆக வைக்கவேண்டும் என்ற தம்பி வாஷர் வெட்டுவதை நினைத்திருக்கிறார்; அங்கே வில்லைதான் பொருள், இங்கே அது கழிவு.

எதிர்பாராதவை இரண்டு. தகடு மீண்டு சுருங்குவதால் துளை 9.98 ஆகவே நிற்கிறது. எங்கள் போல்ட்டுக்கு அது போதும். இடைவெளி கூடியபின் வில்லை சில வேளை பஞ்சோடு ஒட்டி மேலே வருகிறது. அதற்கு இன்னும் வழி காணவில்லை.