மதுரைப் பாதம்: கட்டுத்துணியில் கருப்புக் குருணை பார்த்தவர்கள் உண்டா?

கரிசல்காட்டான்: அப்பாவுக்கு 58 வயசு, வெறுங்காலோடு காட்டில் வேலை பார்த்தவர். கருவேல முள் குத்திய வலது பாதத்தில் முதலில் சின்னக் கட்டி. வலிக்காததால் கண்டுகொள்ளவே இல்லை. இப்போது பாதமே தடித்து, அங்கங்கே கண் திறந்து வடிகிறது. சாதாரணச் சீழ்தான் என்று கொடுத்த மாத்திரை எதுவும் கேட்கவில்லை. போன வாரம் கட்டுப் பிரித்தால், பஞ்சில் கடுகைவிடச் சின்னதாகக் கருப்புக் குருணைகள். எக்ஸ்ரேயில் எலும்புக்கு ஒன்றுமில்லை என்கிறார்கள். நம்பலாமா?

ரேவதி: என் அம்மாவுக்கும் காலில் ஆறாத புண். சர்க்கரை 300ல் நிற்கிறது. அப்பாவுக்குச் சர்க்கரை பார்த்தீர்களா?

தேனிக்காரன்: மச்சானுக்கு இதே வியாதி, வெள்ளைக் குருணை. 3 வாரம் அமிகாசின் ஊசி, கூடவே கோட்ரைமாக்சசோல் மாத்திரை, நன்றாக வற்றிவிட்டது. ஊசி போடும்போது காது, கிட்னி இரண்டையும் சோதித்தார்கள். கருப்பு என்றால் பூஞ்சை, வெள்ளை என்றால் பாக்டீரியா. அவ்வளவுதான்.

லேப் செல்வி: கருப்பு பூஞ்சைதான், சிவப்பு பாக்டீரியாதான். வெள்ளை இரண்டிலும் வரும் தம்பி, நிறத்தை மட்டும் நம்பி ஊசி போடக்கூடாது. குருணையைக் கண்ணாடித் தகட்டில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு நசுக்கிப் பார்ப்போம். தடித்த இழை தெரிந்தால் பூஞ்சை. பாக்டீரியா இழை மிக மெல்லிசு, கிராம் சாயத்தில் நீலமாகத் தெரியும். கரிசல் அண்ணே, மேலே வடிவதைக் கல்ச்சருக்குக் கொடுக்காதீர்கள். தோலில் இருக்கும் கிருமிதான் வளரும். ஆழத்திலிருந்து திசு எடுக்கச் சொல்லுங்கள்.

எலும்பு டாக்டர் (ஓய்வு): எக்ஸ்ரேயில் தெரியும்போது எலும்பு நிறைய அரித்திருக்கும். எம்.ஆர்.ஐ. எடுங்கள். கருப்பு வளையம், உள்ளே வெளிச்சம், நடுவே கருப்புப் புள்ளி தெரிகிறதா பாருங்கள். அந்தப் புள்ளிதான் குருணை. பூஞ்சை எலும்பில் பெரிய குழிகளாகச் சிலதே தோண்டும். பாக்டீரியா பொடிப் பொடியாக அரிக்கும். பூஞ்சைக்கு இட்ராகொனசோல் 200 மி.கி. தினம் இருவேளை, பெரும்பாலும் ஒரு வருசம்வரை, சிலருக்கு அதற்கும் மேல். ஈரல் சோதனையை விடக்கூடாது. கேப்சூல் என்றால் சாப்பாட்டோடு விழுங்கணும். வயிற்றில் அமிலம் இல்லாவிட்டால் மருந்து உடம்பில் ஏறாது. கட்டி சுருங்கி உறை கட்டியதும் அறுத்து எடுப்பது சுலபம். அரைகுறையாக எடுத்தால் திரும்ப வரும்.

கரிசல்காட்டான்: திசுச் சோதனையில் பூஞ்சை என்று வந்துவிட்டது. எம்.ஆர்.ஐ.யில் நீங்கள் சொன்ன வளையம் இருக்கிறது, குதிகால் எலும்பில் 2 குழி. சர்க்கரை இல்லை ரேவதி. டாக்டர் ஐயா, அப்பா வருசக்கணக்கில் கேஸுக்கு ஒமெப்ரசோல் போடுகிறார். தோல் டாக்டரிடம் அதைச் சொல்லவே இல்லை, நாளைக்கே சொல்கிறேன். அவர் 6 மாசம் மாத்திரை கொடுத்துப் பார்ப்போம் என்கிறார். சர்ஜன் இப்போதே எடுத்துவிடலாம் என்கிறார். குதிகாலில் குழி இருந்து காலைக் காப்பாற்றியவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

தேனிக்காரன்: மச்சானுக்கு எலும்பில் இறங்கவில்லை. அவருடைய குருணையை நசுக்கிப் பார்த்தார்களா என்று நானும் கேட்கிறேன் அக்கா.