கீசரை எந்த அளவில் வைக்கணும்? அப்பத்தா காலில் கொப்புளம், வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை

மீனா, தேவகோட்டை

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் சென்னையில் இருக்கிறோம், முன்னோர் படைப்புக்காக ஊர் வீட்டைத் திறந்து பத்து நாள் ஆகிறது. அப்பத்தாவுக்கு 79 வயது, இருபது வருடமாகச் சர்க்கரை. முந்தாநாள் குளிக்கும்போது ஸ்டூலில் உட்கார்ந்து, வெந்நீர்க் குழாயைத் திறந்து காலை அதன் கீழே வைத்திருக்கிறார். "வெதுவெதுன்னுதான் இருந்துச்சு" என்கிறார். சாயங்காலம் பார்த்தால் பாதத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கொப்புளம். உடனே டாக்டரிடம் காட்டி, இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்றுகிறோம்.

இப்போது என் பயம் பிள்ளையைப் பற்றி. இரண்டு வயது, பாத்ரூமில் நீளக் கைப்பிடி போட்ட மிக்சர் குழாயை இழுத்துத் திருகப் பழகிவிட்டாள். கீசர் 15 லிட்டர், நாலு வருடம் ஆகிறது. கீழே ஒரு குமிழ் இருக்கிறது, ஆனால் டிகிரி எதுவும் போடவில்லை, சின்னப் புள்ளியில் தொடங்கிப் பெரிய புள்ளி வரை போகிறது, அவ்வளவுதான். வீட்டுக்காரர் நடுவில் வைத்தால் போதும் என்கிறார். நடு என்றால் எத்தனை டிகிரி? ரொம்பக் குறைத்தால் அடுத்த வாரம் வரப்போகும் ஆட்களுக்குத் தண்ணீர் பத்தாதே என்றும் ஒரு கவலை.

சோலை, கோட்டையூர்

இதுக்கு எதுக்கு டிகிரி எல்லாம். சுவரில் வெந்நீர் லைனுக்கு ஒரு ஆங்கிள் காக் இருக்கும் பாருங்கள், அதை முக்கால்வாசி மூடிவிடுங்கள். எங்கள் வீட்டில் பேரன் பிறந்ததிலிருந்து அப்படித்தான், ஒரு பிரச்சினையும் இல்லை.

காரைக்குடி வயரிங்

சோலை அண்ணே சொன்னதில் பாதி சரி. காக்கை மூடினால் தண்ணீர் மெல்லிசாக வரும், ஆனால் சூடு குறையாது. குழந்தை கைப்பிடியை முழுக்க வெந்நீர்ப் பக்கம் தள்ளினால் வருவது அதே சூட்டுத் தண்ணீர்தான். குளிர்நீரும் சேர்ந்து திறந்திருக்கும்போது மட்டும்தான் அந்த வித்தை பலிக்கும்.

மீனா ஆச்சி, குமிழ் எங்கே நிற்கிறது என்பதை நம்ப வேண்டாம், குழாயில் வரும் தண்ணீரை அளந்து பாருங்கள். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் உதவாது, அது 42, 43 டிகிரியோடு நின்றுவிடும். சமையலுக்கு விற்கிற, குத்திப் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். கீசரைப் போட்டு, விளக்கு தானாக அணைகிற வரை காத்திருங்கள். அணைந்த உடனே வெந்நீரை மட்டும் திறந்து, பைப்பில் நிற்கும் ஆறின தண்ணீர் போனபிறகு ஒரு எவர்சில்வர் டம்ளரைக் குழாயடியிலேயே நிரம்பி வழியும்படி பிடித்து அளக்க வேண்டும். டம்ளரைச் சின்க்கில் வைத்துவிட்டுச் செய்யுங்கள், கையில் பிடிக்காதீர்கள். அந்த நேரத்தில் வருவதுதான் உங்கள் கீசர் தரக்கூடிய அதிகபட்ச சூடு.

அது 50 டிகிரிக்கு மேல் போகக்கூடாது, 48, 49 இருந்தால் இன்னும் நல்லது. ஏன் அந்த எண் என்றால், 60 டிகிரித் தண்ணீர் பெரியவர் தோலையே ஐந்தாறு விநாடியில் ஆழமாகப் புண்ணாக்கிவிடும். 54 என்றால் அரை நிமிடம். 49க்கு வந்துவிட்டால் ஐந்து நிமிடம் வரை அவகாசம் கிடைக்கிறது. பத்து டிகிரி வித்தியாசம்தான், ஆனால் விநாடிக் கணக்கு நிமிடக் கணக்காக மாறிவிடுகிறது. குழந்தை தோல் மெல்லிசு, அதற்கு இதில் பாதி நேரம்கூடக் கிடைக்காது. அப்பத்தா மாதிரி சர்க்கரையில் பாதம் மரத்துப்போனவர்களுக்கு எத்தனை நிமிடம் இருந்தும் பயனில்லை, அவர்களுக்குச் சுடுவதே தெரியாது.

லட்சுமி ஆச்சி, புதுவயல்

ஏம்மா மீனா, கால் ஆறிருச்சா? முதலில் அதைச் சொல்லு. எங்கள் வீட்டில் இன்னும் கிணத்தடியில் தாமிரத் தவலைதான், விறகு அடுப்பு. கீசர் சமாச்சாரம் எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று சொல்கிறேன். முப்பது வருடத்துக்கு முன்னால் தீபாவளிக் காலையில் வாளியில் கொதிக்கிற தண்ணீரை முதலில் ஊற்றிவிட்டுப் பச்சைத் தண்ணீர் எடுக்கக் கிணத்துக்குப் போனேன். திரும்பி வருவதற்குள் என் நாத்தனார் மகன் வாளியில் கையை விட்டுவிட்டான். முழங்கை வரைக்கும். இன்னும் அந்தத் தழும்பு இருக்கு. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம்தான் வெந்நீர், யாராக இருந்தாலும் சரி.

மீனா, தேவகோட்டை

ஆறி வருது ஆச்சி. சரி, அளந்துவிட்டேன். நடுவில் வைத்தால் 71. பயந்துபோய்க் குமிழைக் கடைசி வரை குறைத்து, பழைய சூட்டுத் தண்ணீரை எல்லாம் திறந்துவிட்டு மறுபடி போட்டால் 63! குறைந்த அளவே 63 என்றால் இதற்கு மேல் என்ன செய்வது? கீசரையே மாற்ற வேண்டுமா?

குமார்

எங்க வீட்லயும் தண்ணி சூடாவதே இல்லை. எலிமென்ட் போயிருக்கும், மாத்திடுங்க.

காரைக்குடி வயரிங்

குமார் தம்பி, அவர்கள் வீட்டில் பிரச்சினை தலைகீழ்.

ஆச்சி, கீசரை மாற்ற வேண்டாம், திறந்து பார்க்கணும். போர் தண்ணீர்தானே? நம்ம பக்கம் உப்புத் தண்ணீர். உள்ளே தெர்மோஸ்டாட் ஒரு குழலுக்குள் இருக்கும், அந்தக் குழலின் மேல் வெள்ளையாக உப்பு பிடித்துவிட்டால் தண்ணீர் சூடானது அதற்குத் தாமதமாகத்தான் தெரியும், அதுவரை எலிமென்ட் ஓடிக்கொண்டே இருக்கும். இல்லையென்றால் தெர்மோஸ்டாட்டே பழுதாகியிருக்கும். எம்சிபியை இறக்கி, தண்ணீரை வடித்து, எலிமென்ட் தட்டைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டிய வேலை. தெரிந்த ஆளை வைத்துச் செய்யுங்கள், நீங்கள் திறக்க வேண்டாம். வருகிறவர் "ஹீட் நல்லா வருதே" என்று சொல்லிவிட்டுப் போகப் பார்ப்பார், டம்ளரில் அளந்து காட்டுங்கள்.

அதுவரை கீசரைப் போட்டு வாளியில் கலந்து, சுவிட்சை அணைத்து, மிச்ச வெந்நீரையும் திறந்துவிட்டபிறகுதான் பிள்ளையையோ அப்பத்தாவையோ உள்ளே விடணும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, தொட்டியில் இருக்கிற தண்ணீர் மணிக்கணக்கில் சூடாகவே இருக்கும்.

மெல்போர்ன் தம்பி

நான் கண்டனூர்க்காரன், இங்கே பில்டிங் சர்வீசஸில் வேலை. ஆஸ்திரேலியாவில் புது வீட்டுப் பாத்ரூம் குழாயில் 50 டிகிரிக்கு மேல் வரக்கூடாது, முதியோர் இல்லம், குழந்தைகள் காப்பகம் என்றால் 45. ஆனால் வெந்நீர்த் தொட்டியில் 60ல்தான் சேமிக்கணும் என்பதும் விதி. இளஞ்சூட்டில் தண்ணீர் நாள்கணக்கில் தேங்கினால் லெஜியோனெல்லா என்ற கிருமி வளரும், அது நுண்ணிய நீர்த்துளிகளோடு நுரையீரலுக்குப் போனால் முதியவர்களுக்கு ஆபத்து. அதனால் தொட்டியில் 60, குழாய்க்குப் போகும் வழியில் கலப்பு வால்வு ஒன்றைப் போட்டு 50 ஆக்குவார்கள். மீனா அக்கா அதைத்தான் செய்யணும் என்பேன்.

காரைக்குடி வயரிங்

தம்பி சொல்வது சரியான முறைதான், ஆனால் அந்த வால்வுக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அழுத்தம் வேண்டும், அதுவும் போதிய அளவில் வேண்டும். இங்கே மொட்டை மாடியில் டேங்க், பாத்ரூமுக்கு மேலே பத்தடி உயரம் இருந்தால் அதிகம். அந்த அழுத்தத்தில் பல வால்வுகள் ஒழுங்காக வேலை செய்யாது. உப்புத் தண்ணீரில் வருடம் ஒருமுறை கழற்றிக் கழுவாவிட்டால் இறுகியும் போகும். தினமும் குளிக்கிற வீட்டில் 15 லிட்டர் தொட்டி ஒரே நாளில் நாலைந்து முறை காலியாகி நிறைகிறது, அங்கே தேக்கம் எங்கே இருக்கு?

மெல்போர்ன் தம்பி

அண்ணே, ஆறு மாதம் பூட்டிக்கிடந்த வீட்டில்? நம்ம ஊர் வீடுகள் பாதி அப்படித்தானே இருக்கு.

காரைக்குடி வயரிங்

அதை ஒத்துக்கொள்கிறேன். பூட்டிய வீட்டைத் திறந்தால், யாரும் குளிப்பதற்கு முன்னால் பழைய தண்ணீரை வடித்து, ஒருமுறை முழுச் சூட்டில் வைத்து எல்லாக் குழாயிலும் திறந்துவிடுங்கள், அந்த நேரம் பாத்ரூமில் யாரும் நிற்கக்கூடாது. அப்புறம் குமிழைக் குறையுங்கள். தினமும் 60ல் வைக்கணும் என்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன்.

மெல்போர்ன் தம்பி

எனக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை. சரி, பார்ப்போம்.

மீனா, தேவகோட்டை

நேற்று ஆள் வந்து திறந்தார். எலிமென்ட், குழல் எல்லாம் சுண்ணாம்பு அடித்தது மாதிரி இருந்தது, ஒரு கையளவு உப்பு வந்தது. தெர்மோஸ்டாட்டும் மாற்றினோம். இப்போது குறைந்த புள்ளியில் 43, அடுத்த புள்ளிக்குக் கொஞ்சம் முன்னால் 49. அந்த 49 வரும் இடத்தில் நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டுவிட்டேன். ஆனால் வீட்டுக்காரர், "இதில் இருபது பேர் எப்படிக் குளிப்பாங்க?" என்று கேட்கிறார்.

காரைக்குடி வயரிங்

கணக்குப் போட்டே சொல்லிடலாம். டேங்க் தண்ணீர் 28 டிகிரி, குளிக்கிற சூடு 39 என்று வைத்துக்கொள்வோம். 70ல் இருக்கிற 15 லிட்டரைக் கலந்தால் 57 லிட்டர் வரும், கிட்டத்தட்ட மூன்று வாளி. 50 என்றால் 30 லிட்டர், ஒன்றரை வாளி. ஆனால் 2 கிலோவாட் கீசர் 28லிருந்து 70க்கு ஏற 22 நிமிடம் எடுக்கும், 50க்குப் பன்னிரண்டு நிமிடத்துக்குள் ஏறிவிடும். ஆக மணிக்கணக்கில் பார்த்தால் இரண்டிலும் கிடைக்கிற வாளி ஏறக்குறைய ஒன்றுதான். ஆளுக்கு ஆள் கொஞ்சம் காத்திருக்கணும், அவ்வளவுதான்.

பிள்ளைக்கு வாளியில் 37, 38 போதும். அப்பத்தாவுக்கும் 38ஐத் தாண்ட வேண்டாம். அதை அவர் காலால் பார்க்கக்கூடாது, கையாலும் வேண்டாம், நீங்கள் உங்கள் முழங்கையை விட்டுப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். வாளி நிரம்பியபிறகு கடைசியாகக் குளிர்நீரை ஒரு நிமிடம் ஓடவிட்டுக் கைப்பிடியைக் குளிர்ந்த பக்கமே நிறுத்துங்கள், குழாய் மூக்கில் வெந்நீர் தங்காது.

மீனா, தேவகோட்டை

ரொம்ப நன்றி அண்ணே. இன்னொரு சின்ன விஷயம். ஷவரில் நிற்கும்போது பின்கட்டில் யாராவது குழாய் திறந்தால் திடீரென்று சுடுகிறது. முன்பு அலறிக்கொண்டு விலகுவோம், நேற்று சுட்டது ஆனால் அலறவில்லை.

காரைக்குடி வயரிங்

பின்கட்டும் பாத்ரூமும் ஒரே குளிர்நீர் லைனாக இருக்கும். அங்கே திறந்தால் இங்கே குளிர்நீர் குறையும், வெந்நீர் மட்டும் மிஞ்சும். டேங்கிலிருந்து தனி லைன் இழுத்தால் தீரும். இழுக்கும்வரை அப்பத்தாவுக்கு ஷவர் வேண்டாம், வாளியே இருக்கட்டும்.

முத்து, பள்ளத்தூர்

இவ்வளவு பேசினீர்களே, எங்கள் வீட்டில் சோலார். குமிழே கிடையாது. சித்திரையில் மத்தியானம் அளந்தால் 78 வருது. இதற்கு என்ன செய்வது?

காரைக்குடி வயரிங்

அண்ணே, சோலாருக்கு மெல்போர்ன் தம்பி சொன்ன வால்வு இல்லாமல் முடியாது. குறைந்த அழுத்தத்துக்கு என்று ஒரு வகை இருக்கிறது, ஆனால் உங்கள் டேங்க் எவ்வளவு உயரம், குளிர்நீரும் அதே டேங்கிலிருந்துதான் வருதா என்று தெரியணும். மாடியை ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள்.