சின்னத்தைச் சாவிக்கொத்தாக்குதல்: இலையும் வளையமும் சேருமிடத்து ஓட்டை, வளைந்துபோகும் காம்பு

மரகதம்:
எங்கள் குழுவின் சின்னம் ஒரு வளையம். அதன்மேல் ஒரு இலை ஏறி நிற்கிறது. Inkscape-இல் வரைந்து, SVG கோப்பாக OpenSCAD-இல் கொண்டுவந்து எக்ஸ்ட்ரூட் செய்தால், இலையும் வளையமும் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தில் ஓட்டை வருகிறது. அதை எப்படியோ அடைத்து 2 மி.மீ. தடிமனில் பி.எல்.ஏ. கொண்டு அச்சிட்டேன், காம்பு விரலால் தொட்டாலே வளைகிறது. பாதைகளை எப்படிச் சரிசெய்வது? தடிமன் எவ்வளவு வைப்பது?

தடிப்பலகை:
பாதைகளோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஸ்லைசரில் உள்ள பழுதுநீக்கும் வசதியே பெரும்பாலான குறைகளைப் பார்த்துக்கொள்ளும். தடிமனை 5 மி.மீ. ஆக்கிவிடுங்கள். நான் செய்த எதுவும் அந்தத் தடிமனில் வளைந்ததில்லை.

நுண்கோடு:
ஸ்லைசரின் பழுதுநீக்கம் இங்கே உதவாது என்பதே என் கருத்து. வலைப்பின்னலில் கிழிசல் இருந்தால்தான் அது தைக்கும். மரகதத்தின் ஓட்டை கிழிசல் அன்று. நான்கு பக்கமும் சுவர் எழுப்பிய, ஒழுங்கான ஓட்டை. அதை வேண்டுமென்றே வைத்ததா, தவறி விழுந்ததா என்று ஸ்லைசருக்கு எப்படித் தெரியும்?

காரணம் வரைபடத்தில் இருக்கிறது. இலையையும் வளையத்தையும் `Path > Combine` கொடுத்து ஒன்றாக்கியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். அந்தக் கட்டளை இரண்டு உருவங்களையும் ஒரே பெயரின்கீழ் வைக்கிறதே தவிர, உருக்கி ஒன்றாக்குவதில்லை. ஒரு புள்ளியிலிருந்து வெளியே போகும்போது எத்தனை கோடுகளைத் தாண்டுகிறோம் என்று எண்ணி, ஒற்றைப்படை என்றால் உள்ளே, இரட்டைப்படை என்றால் வெளியே என்று கொள்ளும் முறையில், இலையும் வளையமும் சேர்ந்து மூடும் இடம் இரட்டைப்படையாகி, வெற்றிடமாகிவிடுகிறது.

சரிசெய்ய முதலில் `Path > Break Apart` கொடுங்கள். வெளிவட்டம், உள்வட்டம், இலை என்று மூன்று துண்டுகள் கிடைக்கும். இந்த இடத்தில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள்: மூன்றையும் பிடித்து `Union` கொடுத்தால் வளையத்தின் நடுவும் நிரம்பி, ஒரு தட்டு கிடைக்கும். வெளிவட்டத்தையும் இலையையும் முதலில் சேர்த்துவிட்டு, பிறகு உள்வட்டத்தைக் கழித்தால், வளையத்துக்குள் நீளும் இலையின் பகுதியும் சேர்ந்து அறுபட்டுப் போகும். ஆகவே உள்வட்டம் மேலே இருப்பதை உறுதிசெய்து, வெளிவட்டத்தோடு `Difference` கொடுத்து முதலில் வளையத்தை உருவாக்குங்கள். அதன்பின் அந்த வளையத்தையும் இலையையும் `Union` செய்யுங்கள். `View > Display Mode > Outline` என்று பார்த்தால், இலை வளையத்தைக் கடக்கும் இடத்தில் ஒரு கோடும் உள்ளே ஓடக்கூடாது. ஓடினால் சேர்க்கை நடக்கவில்லை என்று பொருள்.

காம்பு வெறும் தடித்த கோடாக வரையப்பட்டிருந்தால், இவற்றுக்கெல்லாம் முன்பாக `Stroke to Path` கொடுத்து அதை உருவமாக்கிவிடுங்கள்.

வெட்டுக்கூர்:
நான் லேசரில் அக்ரிலிக் பலகை வெட்டுகிறவன். ஒன்றன்மேல் ஒன்று விழும் கோடுகளை லேசர் இரண்டு முறை வெட்டி, விளிம்பைக் கருக்கிவிடும். அதனால் இரட்டைக் கோடுகளைத் தேடி அழித்தாலே போதும். இத்தனை படிகள் தேவையில்லை. 3 மி.மீ. பலகையில் எனக்கு இதுவரை குறை வந்ததில்லை.

நுண்கோடு:
உங்கள் வேலையில் அது சரி, ஐயா. லேசருக்குக் கோடுதான் வேலை. இங்கே கோடு வெறும் எல்லை, அது சூழ்ந்த பரப்புதான் பொருளாக எழுகிறது. மரகதத்தின் படத்தில் இரட்டைக் கோடே இல்லை. இரண்டு வெவ்வேறு கோடுகள் குறுக்கிடுகின்றன. ஒன்றை அழித்தால் இலையே போய்விடும்.

இனித் தடிமன். காம்பின் நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு என்று தெரியாமல் எண் சொல்ல முடியாது.

மரகதம்:
வளையத்துக்கு வெளியே 12 மி.மீ. நீள்கிறது, அகலம் 2 மி.மீ. அதன் நுனியில் ஒரு சிறிய மொட்டு உண்டு.

நுண்கோடு:
அப்படியானால் அதை ஒரு முனை பிணைத்த சட்டமாகக் கொள்வோம். பி.எல்.ஏ.-வின் மீள்கெழுவை ஏறத்தாழ 3000 நியூட்டன்/ச.மி.மீ. என்று வைத்து, நுனியில் 5 நியூட்டன், அதாவது அரைக்கிலோ பாரம் அளவுக்கு, தட்டையான முகத்தை அழுத்துவதாகக் கணக்கிட்டால், 2 மி.மீ. தடிமனில் நுனி 0.72 மி.மீ. சாயும், 3 மி.மீ.-இல் 0.21 மட்டுமே. தடிமன் ஒன்றரை மடங்கானால் விறைப்பு அதன் முப்படியாக, 3.4 மடங்காகிறது. வேரில் விழும் தகைவும் 45-இலிருந்து 20-ஆக இறங்குகிறது. பி.எல்.ஏ. முறியும் அளவுக்கு 45 மிக அருகில் இருப்பதால், வளைவதோடு நில்லாமல் ஒருநாள் அது ஒடிந்தும் போகும்.

தடிப்பலகை:
அதைத்தானே நானும் சொன்னேன்? 5 மி.மீ. வைத்தால் உங்கள் கணக்குப்படியே 0.05-க்குள் அடங்கிவிடும்.

நுண்கோடு:
தட்டையான முகத்தை அழுத்தும்போது அடங்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் பையில் கிடக்கும் சாவிக்கொத்தைச் சாவிகள் பக்கவாட்டிலும் நெம்பும். அந்தத் திசையில் முப்படியாக வேலைசெய்வது அகலம். தடிமன் ஒரு மடங்குக்கு ஒரு மடங்கு மட்டுமே உதவும். அதே 5 நியூட்டனைப் பக்கவாட்டில் கொடுத்துப் பாருங்கள்: 5 மி.மீ. தடிமனும் 2 மி.மீ. அகலமும் உள்ள காம்பு 0.29 மி.மீ. சாயும். 3 மி.மீ. தடிமனும் 3 மி.மீ. அகலமும் உள்ளது 0.14 மட்டுமே, அதுவும் இரு திசையிலும். முழுச் சின்னத்தையும் கனமாக்காமல் கிடைக்கும் பலன் அது.

தடிப்பலகை:
பக்கவாட்டு விசையை நான் எண்ணிப் பார்க்கவில்லை. அந்தக் கணக்கை ஏற்கிறேன். ஆனால் உள்ளே நிரப்பாமல் விட்டால் உங்கள் 3 மி.மீ.-இன் கணக்கும் பொய்த்துவிடும். நிரப்பளவை 100 விழுக்காடு வைக்கச் சொல்லுங்கள்.

நுண்கோடு:
0.2 மி.மீ. அடுக்கில் மேலே நான்கும் கீழே நான்கும் கெட்டியாக இருந்தால், 3 மி.மீ.-இல் நடுவே 1.4 மி.மீ. மட்டுமே தளர்வாக இருக்கும். வளைவின்போது அந்த நடுப்பகுதி அதிகம் உழைப்பதில்லை; அதை முழுக்க எடுத்துவிட்டாலும் விறைப்பில் பத்தில் ஒரு பங்குதான் குறையும். 3 மி.மீ. அகலக் காம்பு 0.4 மி.மீ. நாசிலில் மூன்று சுற்றுச்சுவர்களாலேயே பெரும்பாலும் நிறைந்துவிடும்.

கோலமயில்:
வடிவமைப்பாளராக எனக்கு இதில் உடன்பாடில்லை. காம்பின் அகலத்தை 2-இலிருந்து 3 ஆக்குவது சின்னத்தையே மாற்றுவதாகும். மெலிந்த காம்பில்தான் அதன் நளினம் இருக்கிறது. சின்னத்தைத் தொடாமல், பின்னால் 1.6 மி.மீ. பலகை வைத்து, அதன்மேல் சின்னத்தை 1.4 மி.மீ. உயர்த்தினால் மொத்தம் அதே 3 மி.மீ. தானே?

நுண்கோடு:
உறுதி கிடைக்கும். ஆனால் வளையத்துக்குள் தெரியவேண்டிய வெற்றிடம் மறைந்துவிடும். சின்னம் வேறொன்றாகிவிடுவது அங்கேயும் நடக்கிறது. காம்பு வளையத்தோடு சேருமிடத்தில் மட்டும் அகலத்தைச் சரிவாகக் கூட்டினால் நுனியின் மெலிவு மிஞ்சும், தகைவு மிகுந்திருக்கும் வேரும் வலுப்பெறும். `offset(r = 0.5)` கொண்டு எல்லாவற்றையும் பருக்கச் செய்யாதீர்கள், மரகதம்; காம்பு 3 மி.மீ. ஆகும்போதே ஒவ்வோர் இடைவெளியும் 1 மி.மீ. சுருங்கும்.

கோலமயில்:
வேரில் மட்டும் சரிவு என்றால் பார்க்கலாம். ஆனாலும் அதைச் சின்னத்தை வரைந்தவரிடம் கேட்டுவிட்டுச் செய்வதே முறை.

மரகதம்:
நீங்கள் சொன்ன வரிசையில் செய்ததும் ஓட்டை மறைந்தது. முதல் முயற்சியில் நான் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து, தட்டையும் பார்த்துவிட்டேன். வேரில் 4 மி.மீ., நுனியில் 2 மி.மீ. என்று காம்பை மாற்றி, இப்படி எக்ஸ்ட்ரூட் செய்து அச்சிட்டேன்:

```
linear_extrude(height = 3)
  import("logo.svg");
```

விரலால் அழுத்தினால் இப்போது காம்பு அசைவதில்லை. பக்கவாட்டில் நெம்பினால் நுனிப் பாதி மட்டும் சிறிது வளைந்து மீள்கிறது. குழுவில் இருவர் பழைய மெலிந்த காம்பே வேண்டும் என்கிறார்கள். பலகை வைத்த வடிவத்தையும் அச்சிட்டு, இரண்டையும் அவர்கள் கையில் கொடுக்கப்போகிறேன்.