உராய்வில்லாத தரையில் நிமிர்ந்து நிற்கும் கம்பி: நடுப்புள்ளி எப்படி விழும்?

சூரமங்கலம் மாணவி
நீளம் L உள்ள, சீரான மெல்லிய கம்பி. உராய்வே இல்லாத தரையில செங்குத்தா நிறுத்தி விட்டுடறோம். சாயும்போது நடுப்புள்ளி எந்தப் பாதையில போகும்? தரையில படுக்கற கணத்துல அதோட வேகம் என்ன? கிளாஸ்ல பாதிப் பேர் கால்வட்டம்னு சொல்றாங்க, மீதிப் பேர் நேர்கோடுன்னு. வெள்ளிக்கிழமை இன்டர்னல். யாராவது சொல்லுங்க.

அம்மாபேட்டை டியூஷன்
கால்வட்டம்தாம்மா, இதுல என்ன குழப்பம்? அடிமுனை தரையிலயே இருக்கு. அங்கேயிருந்து நடுப்புள்ளி எப்பவும் L/2 தூரத்துல இருக்கு. நடுப்புள்ளி L/2 இறங்குது, அந்த நிலை ஆற்றல் முழுக்க அடிமுனையைச் சுத்தின சுழற்சிக்குப் போகுது.

```
mgL/2 = (1/2)(mL²/3)ω²
ω² = 3g/L
v = (L/2)ω = (1/2)√(3gL)
```

1 மீட்டர் கம்பின்னா 2.71 மீ/வி. இதை அப்படியே எழுதிட்டு வா.

லேத்துப் பட்டறை, கொண்டலாம்பட்டி
சார், உராய்வே இல்லைன்னா தடுக்க எதுவும் இல்லையே. நடுப்புள்ளி சும்மா கல்லு மாதிரி விழும். L/2 உயரத்துலேர்ந்து விழுந்தா √(gL), அதாவது 3.13. உங்க கணக்குல எங்கேயோ வேகம் காணாமப் போயிருக்கு.

குத்துக்கோல்
ரெண்டு பேருக்கும் சேர்த்தே சொல்றேன்.

டியூஷன் சார், அடிமுனை தரையை விட்டுப் போகலைங்கறது சரி. ஆனா தரையில *ஒரே இடத்துல* நிக்கும்னு எப்படி எடுத்துக்கிட்டீங்க? அதைப் பிடிச்சு நிறுத்த உராய்வு வேணும், அதுதான் இல்லையே. கம்பி மேல இருக்கற விசைங்க ரெண்டே ரெண்டு: எடை கீழே, தரையோட எதிர்விசை மேலே. கிடைமட்டமா எதுவுமே இல்லை. ஆரம்பத்துல ஓய்வுல இருந்த நிறை மையம் பக்கவாட்டுல ஒரு மயிரிழை கூட நகர முடியாது. நேரா கீழேதான் இறங்கும். கம்பி வலப்பக்கம் சாஞ்சா அடிமுனை இடப்பக்கம் வழுக்கிப் போகும், கடைசியில L/2 தூரம் தள்ளிப் போயிருக்கும்.

பட்டறை அண்ணா, உராய்வு இல்லைன்னாலும் எதிர்விசை இருக்கே. அதுதான் கம்பியைச் சுழற்றுது, அதுவேதான் மையத்தை மெதுவாக்குது. செங்குத்திலேர்ந்து θ சாஞ்சிருக்கும்போது மையத்தோட உயரம் (L/2)cosθ, இறங்கற வேகம் (L/2)ω sinθ. சுழற்சியை இப்போ மையத்தைச் சுத்தி எடுக்கணும், mL²/12:

```
mg(L/2)(1 − cosθ) = (1/2)m(L²/4)ω² sin²θ + (1/2)(mL²/12)ω²

ω² = 12g(1 − cosθ) / [L(1 + 3 sin²θ)]
```

θ = 90° போட்டா ω² = 3g/L, v = (1/2)√(3gL).

அம்மாபேட்டை டியூஷன்
ஆக என் விடையேதான் வந்திருக்கு! இவ்வளவு சுத்தி வளைச்சு அதே 2.71. அப்புறம் என் முறையில என்னங்க தப்பு?

குத்துக்கோல்
முடிவுல மட்டும்தான் ஒத்துப்போகுது சார். 60°-ல ω என்னன்னு கேட்கட்டும், 1 மீட்டர் கம்பிக்கு உங்க வழியில 3.83 ரேடியன்/வி வரும், வழுக்குத் தரையில 4.25. நடுவுல எங்கே பார்த்தாலும் வழுக்கற கம்பிதான் வேகமா திரும்பும். 90°-ல மட்டும் ரெண்டும் சமம்.

அது தற்செயல் இல்லை. அடிமுனை வழுக்கற வேகம் (L/2)ω cosθ. படுக்கற கணத்துல cosθ சுழியம், அதனால அடிமுனை அந்த ஒரு கணம் அசையாம நிக்கும். அந்தக் கணத்துக்கு மட்டும் கம்பி அடிமுனையில கீல் போட்ட மாதிரி திரும்புது. ஆற்றலும் ரெண்டு இடத்துலயும் அதேதான், அதனால வேகமும் அதேதான். பாதை வேற, கடைசிக் கணம் ஒண்ணு.

லேத்துப் பட்டறை, கொண்டலாம்பட்டி
எனக்கு ஒண்ணு இடிக்குது. எதிர்விசை மேல் நோக்கி இருக்கு, மையம் கீழ போகுது. அப்ப அது எதிர்மறை வேலை செய்யுது. நீங்க ஆற்றல் சமன்பாட்டுல அதைச் சேர்க்கவே இல்லையே?

குத்துக்கோல்
நல்ல கேள்விண்ணா. எதிர்விசை பிடிக்கற இடம் அடிமுனை. அது கிடைமட்டமா மட்டும் நகருது, விசையோ செங்குத்து. அதனால முழுக் கம்பிக்கும் அது செய்யற வேலை சுழியம். மையத்தோட இறக்கத்தை மட்டும் தனியா எடுத்தா நீங்க சொல்ற மாதிரி ஆற்றலைப் பிடுங்குது, ஆனா பிடுங்கினதை அப்படியே சுழற்சிக்குக் கொடுத்துடுது. கடைசியில முக்கால் பங்கு இறங்கற இயக்கத்துல, கால் பங்கு சுழற்சியில. நீங்க "காணாமப் போச்சு"ன்னு தேடினது அந்தக் கால் பங்குதான்.

இதுல இன்னொண்ணும் சரிபார்க்கணும், பல பேர் விட்டுடுவாங்க. அடிமுனை தரையை விட்டு எழும்பினா மேலே போட்ட சமன்பாடே செல்லாது. எதிர்விசையைக் கணக்குப் போட்டா

```
N = mg[1 + 3(1 − cosθ)²] / (1 + 3 sin²θ)²
```

மேலே ரெண்டு உறுப்பும் மிகை, அதனால N சுழியத்தைத் தொடவே தொடாது. ஆரம்பத்துல mg, 62° பக்கத்துல mg-ல ஆறுல ஒரு பங்கு அளவுக்கு இறங்கும், படுக்கும்போது mg/4. அடிமுனை கடைசி வரைக்கும் தரையிலதான் இருக்கு.

ஏற்காடு காப்பித்தோட்டம்
நீங்க பேசறதைப் பார்த்தா எங்க தோட்டத்துல சில்வர் ஓக் வெட்டறது ஞாபகம் வருதுங்க. மிளகுக்கொடி ஏத்தின மரம், காப்பிச்செடி மேல விழாம சாய்க்கணும். மழை பெஞ்ச சரிவுல ஒருதடவை அடிக்கட்டை பின்னாடி எகிறிடுச்சு, ஆள் கொஞ்சம் தள்ளி நின்னதால தப்பிச்சான். மரத்தோட நடு நேராதான் இறங்கணும்னா எதுக்குங்க நாங்க விழற பக்கம் இடம் விடறோம்?

குத்துக்கோல்
உங்க கேஸ் வேறங்க. வெட்டும்போது அடியில கொஞ்சம் மரத்தை அறுக்காம விடுவீங்கல்ல, அதுதான் கீல். அது பிடிச்சிருக்கற வரைக்கும் டியூஷன் சார் சொல்ற கால்வட்டம்தான். அது பாதியில முறிஞ்சா அடிக்கட்டையைப் பிடிக்க ஆள் இல்லை, பின்னாடி போகப் பார்க்கும்.

நுனி வேகத்துக்கு மட்டும் ஒரு கணக்கு: சீரான கம்பியில நுனி √(3gL). 15 மீட்டர்னா 21 மீ/வி, மணிக்கு 75 கிலோமீட்டருக்கு மேல. அதே உயரத்துலேர்ந்து கையை விட்ட கல்லு 17 மீ/விதான். மரம் மேலே மெலிஞ்சு, கிளையோட காத்தைத் தள்ளிக்கிட்டு விழறதால அப்படியே பொருந்தாது.

சூரமங்கலம் மாணவி
எல்லாருக்கும் நன்றி. ஆனா நான் நேத்து ராத்திரி தம்பியோட கேரம் போர்டுல செஞ்சு பார்த்தேன். பவுடரை நல்லா தூவி, 30 செ.மீ. ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி, 15-ஆவது கோட்டுல சிவப்பு நெயில் பாலிஷ் பொட்டு வெச்சு, போன்ல ஸ்லோ மோஷன். அடிமுனை பின்னாடி வழுக்கினது நல்லாத் தெரியுது. ஆனா பொட்டு நேரா இறங்கலை. மூணு விரல் அகலம் முன்னாடி போய்த்தான் விழுந்துச்சு. இன்னொண்ணு, கடைசியில அடிமுனை நின்னு, லேசா முன்னாடி வந்த மாதிரி இருக்கு.

அம்மாபேட்டை டியூஷன்
பார்த்தீங்களா! நேர்கோடும் இல்லை.

குத்துக்கோல்
பவுடர் போட்டாலும் உராய்வு முழுசா போகாதும்மா. சாய்வு சின்னதா இருக்கும்போது அடிமுனை பின்னாடி போக முயற்சி பண்ணும், அந்தக் கொஞ்ச உராய்வு அதைப் பிடிச்சு வெச்சுக்கும். அந்த நேரத்துல ஸ்கேல் சார் சொல்ற வட்டத்துலதான் போகுது. பிடி விட்டதுக்கப்புறம்தான் வழுக்கல். அதுக்குள்ள மையத்துக்குக் கிடைச்ச முன்னோக்கின வேகம் அப்படியே இருக்கும்; வழுக்கும்போதும் உராய்வு முன்னாடிதான் தள்ளும். மூணு விரல் அதனால வந்தது. கடைசியில சுழற்சியால வர்ற பின்னோக்கின வேகம் சுழியத்துக்குப் போயிடும், மிச்சம் இருக்கறது மையத்தோட முன்னோக்கின வேகம்தான். அதான் அடிமுனை திரும்பி வந்துச்சு. வீடியோ பொய் சொல்லலை.

இதையே உராய்வைக் கண்டுபிடிக்கவும் வெச்சுக்கலாம். முதல்ல எந்தச் சாய்வுல வழுக்க ஆரம்பிக்குதுன்னு ஃபிரேம் ஃபிரேமா பாரு. சின்னக் கோணத்துல உராய்வுக் கெழு கிட்டத்தட்ட 0.75 × θ, ரேடியன்ல.

லேத்துப் பட்டறை, கொண்டலாம்பட்டி
சரி, சரியா நெட்டுக்குத்தா நிறுத்தினா? அது விழவே விழாதே. கேள்வியே தப்பு.

குத்துக்கோல்
காகிதத்துல விழாதுதான். கொஞ்சம் சாச்சு விட்டதா எடுத்துக்கணும். அந்தச் சாய்வு எவ்வளவு சின்னதுங்கறது வேகத்தை அனேகமா பாதிக்காது, நேரத்தைத்தான் பாதிக்கும். 1 மீட்டர் கம்பியில ஆரம்பச் சாய்வைப் பத்துல ஒண்ணா குறைச்சா வழுக்குத் தரையில 0.3 வினாடி கூடும், கீல் போட்டதுல 0.6. அதனாலதான் கேள்வியில வேகத்தைக் கேட்டாங்க, நேரத்தைக் கேட்கலை.

அம்மாபேட்டை டியூஷன்
இதெல்லாம் சீரான கம்பிக்கு. ஒரு பக்கம் கனமா இருக்கற உலக்கைக்கு உங்க "ரெண்டும் சமம்" நிக்குமா?

குத்துக்கோல்
நிக்கும் சார், அடிமுனை தரையை விடாத வரைக்கும். மையம் அடியிலேர்ந்து h உயரம்னா, படுக்கும்போது ரெண்டு கேஸ்லயும் mgh = (1/2)(mh² + I)ω². சீரா இல்லாட்டி h, I மாறும், சமன்பாடு மாறாது. பூண் பக்கம் கீழே வெச்சா ஒரு விடை, மேலே வெச்சா இன்னொரு விடை, அவ்வளவுதான்.

சூரமங்கலம் மாணவி
அப்போ பேப்பர்ல நேர்கோடுன்னு எழுதி, மையத்தைச் சுத்திச் சுழற்சி எடுத்து, (1/2)√(3gL). கால்வட்டம்னு எழுதி அதே விடை போட்டவங்களுக்கு மார்க் போடுவாங்களா?

அம்மாபேட்டை டியூஷன்
நான் திருத்தினா போடுவேன்.

குத்துக்கோல்
வேகத்துக்குப் போடுங்க. பாதைக்குன்னு தனியா மார்க் இருக்கே சார்.