மூணு வருஷம், மூணு வழி: தீபாவளி ஆர்டருக்குப் புரட்டிய பணத்துக்கு நிஜமா எவ்வளவு வட்டி கொடுத்தேன்?

பவர்டேபிள்காரன் (திருப்பூர்)

18 மெஷின் போட்டு ஜாப் ஒர்க் தைச்சுக் கொடுக்கிறேன். தீபாவளி ஆர்டர் ஆகஸ்டில் உள்ளே வரும். அன்னியிலிருந்து சனிக்கிழமை தவறாமல் கூலி கொடுத்தாகணும். நூல், எலாஸ்டிக், லேபிள் எல்லாம் கைக்காசு. கம்பெனியிலிருந்து பில் பணம் வரும்போது டிசம்பர் ஆகிடும். ஆக ஒவ்வொரு வருஷமும் எனக்கு வேண்டியது மூணரை லட்சம், நாலே மாசத்துக்கு.

2022-ல் சீட்டு எடுத்தேன். 2023-ல் வீட்டு நகையை வங்கியில் வெச்சேன். 2024-ல் ஓவர் டிராஃப்ட், அதாவது ஓடி வாங்கினேன். போன வாரம் மூணு வருஷ ரசீதையும் மேஜையில் பரப்பிக் கணக்குப் போட்டதில் தூக்கம் போச்சு. அதான் இங்கே எழுதறேன்.

சீட்டு 5 லட்சம், 20 பேர், 20 மாசம், மாசம் 25,000. பதிவு பண்ணின கம்பெனிதான். முதல் மாசம் கம்பெனியே எடுத்துக்கும், ஏலம் கிடையாது. நாலாவது மாசம் நான் 1,40,000 தள்ளி எடுத்தேன். கமிஷன் 25,000 அந்தத் தள்ளுலயே அடக்கம், கமிஷன் மேல ஜிஎஸ்டி 4,500 தனி. கைக்கு வந்தது 3,55,500. ஏலத்தில் தள்ளின பணத்தில் மாசா மாசம் என் பங்கா வந்த கழிவு போக 20 மாசமும் நான் கட்டினது மொத்தம் 4,37,250. வித்தியாசம் 81,750 ரூபாய்.

அடுத்த வருஷம் 12 பவுன் வெச்சு மூணரை லட்சம், ஒன்பதரை சதவீதம், 120 நாள். வட்டி 10,932. மதிப்பீட்டாளர் கூலியும் வங்கிக் கட்டணமும் சேர்த்து 1,450. ஓடிக்கு வட்டி 11 சதவீதம்தான், ஆனா அதோட கதையே வேற. அதைக் கீழே சொல்றேன்.

என் கேள்வி இதுதான். மூணையும் ஒரே தராசில் எப்படி நிறுத்தறது? சீட்டு உண்மையிலேயே எத்தனை வட்டி?

கணக்கப்பிள்ளை (ஈரோடு)

பயப்படற அளவுக்கு இல்லீங்க. 81,750-ஐ 3,55,500 ஆல வகுத்தா 23 சதவீதம். அது 20 மாசத்துக்கு. வருஷத்துக்குன்னு பார்த்தா 14-க்குள்ளதான் வரும். வெளியில ரெண்டு வட்டிக்கு வாங்கினா 24. அதுக்கு சீட்டு எவ்வளவோ தேவலை.

முன்னாள் கிளை மேலாளர்

வங்கியில் 31 வருஷம் கடன் பிரிவில் இருந்தவன். ஈரோட்டு நண்பர் போட்ட கணக்கை என் மேஜையில் பல பேர் போட்டுக் காட்டியிருக்காங்க. வகுத்தலில் தப்பில்லை, எதை வகுக்கறோம் என்பதில்தான் தப்பு.

அவர் 3,55,500 ரூபாயை 20 மாசமும் கையில் வெச்சிருந்தாரா? இல்லை. எடுக்கறதுக்கு முன்னாடி மூணு தவணையா 62,500 கட்டிட்டார். எடுத்த மாசத் தவணை 19,250. ஆக அவர் பையில் புதுசா விழுந்த பணம் 2,73,750 மட்டும்தான். அதுவும் அடுத்த மாசத்திலிருந்தே தேய ஆரம்பிக்குது. மாசம் 19,000, 20,000-ன்னு திருப்பிக் கட்டிக்கிட்டே இருக்கார். பத்தாவது மாசத்தில் அவர் கையில் இருக்கும் பணம் பாதிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான்.

இதுக்கு ஒரே வழி, ஒவ்வொரு மாசமும் போனதையும் வந்ததையும் வரிசையா எழுதறது. எக்செல்லில் B1 முதல் B20 வரை கட்டினதைக் கழித்தல் குறியோட போடுங்க. நாலாவது மாசத்தில் மட்டும் வந்ததில் தவணையைக் கழிச்சு 336250. அப்புறம்:

```
=IRR(B1:B20,0.03)*12
```

அந்த 0.03-ஐ விட்டுடாதீங்க. முதலில் கழித்தல், நடுவில் கூட்டல், மறுபடி கழித்தல்னு வர்றதால் இந்தச் சூத்திரத்துக்கு ரெண்டு விடை இருக்கு. எங்கே தேடணும்னு நாம கைகாட்டி விடணும்.

உங்க சீட்டுக் கழிவுப் பட்டியலை முழுசா அனுப்பினீங்கன்னா போட்டுச் சொல்றேன்.

பவர்டேபிள்காரன்

நானே போட்டுட்டேன் சார். ரெண்டாம் மாசம் கழிவு 6,250-ல் ஆரம்பிச்சுக் கொஞ்சம் கொஞ்சமா இறங்கி, கடைசி மாசம் ஒண்ணுமில்லாமல் முழு 25,000 கட்டினேன். வந்த விடை 39-க்கு மேல, 40-க்குப் பக்கம். எங்க தப்பு பண்ணினேன்?

முன்னாள் கிளை மேலாளர்

தப்பு இல்லை. நூத்துக்கு மாசம் மூணேகால் ரூபாய்க்கு மேல. ஊர்ப் பேச்சில் சொன்னா மூணு வட்டிக்கும் கூட.

கணக்கப்பிள்ளை (ஈரோடு)

இதை நான் ஒத்துக்க மாட்டேன் சார். எங்க அண்ணன் அதே மாதிரி சீட்டில் 18-வது மாசம் எடுத்து லாபம் பார்த்தார். சீட்டுன்னா எல்லாருக்கும் 40 வட்டின்னு ஆகுமா?

முன்னாள் கிளை மேலாளர்

எல்லாருக்கும் இல்லை. உங்க அண்ணன் கடன் வாங்கலை, சேமிச்சார். இவரை மாதிரி முன்னாடி எடுத்தவங்க தள்ளின பணம்தான் அவருக்குக் கழிவா போச்சு. நடுவில், 11, 12-வது மாசம் எடுக்கறவரைத்தான் எனக்கும் எந்தப் பக்கம் வைக்கறதுன்னு தெரியாது. பாதி சேமிப்பு, பாதி கடன். அவருக்கு அந்தச் சூத்திரம் குழப்பமான எண்ணைத்தான் தரும், அதை நம்ப வேண்டாம்.

இன்னொண்ணு கேட்கணும். ஏலம் எடுத்த எத்தனையாவது நாள் காசோலை கைக்கு வந்தது?

பவர்டேபிள்காரன்

26 நாள். ஜாமீனுக்கு அரசுச் சம்பளக்காரர் ரெண்டு பேர் வேணும்னாங்க. ஒருத்தர் கையெழுத்துப் போட்டுட்டார், இன்னொருத்தர் வீட்டுக்காரம்மா வேண்டாம்னுட்டாங்க. அதுக்குள்ள நாலு சனிக்கிழமை போச்சு. அந்த நாலு வாரக் கூலிக்குக் கைமாத்து வாங்கினேன். அந்த வட்டி இந்தக் கணக்கில் இல்லை.

அதைவிட எரிச்சல், டிசம்பரில் பில் பணம் வந்துடுச்சு, ஆனா சீட்டை முடிக்க முடியலை. 2023 நவம்பர் வரை தவணை. அடுத்த தீபாவளிக்கு நகை வெச்சப்போ, அதிலிருந்து எடுத்து இந்தச் சீட்டுக்கும் கட்டியிருக்கேன்!

மாவரைக்கும் அக்கா (கோவை)

தம்பி, எனக்கு இந்த எக்செல் எல்லாம் தெரியாது. நான் இட்லி மாவு வியாபாரம். மகளிர் குழுவில் 60,000 வாங்கியிருக்கேன், வாரா வாரம் கட்டறேன். அதுவும் இதே மாதிரி அதிகம்னு சொல்றீங்களா? அப்புறம் நகை வெக்கிறதுன்னா தனியார் கடைதான் நல்லது, பத்து நிமிஷத்தில் பணம்.

கடைவீதி (சேலம்)

அக்கா, குழுக் கடனுக்குத் தனியா கேளுங்க, இங்கே கலந்தா குழம்பிடும். தனியார் பத்தி என் அனுபவத்தைச் சொல்றேன். பலகையில் மாசம் ஒரு ரூபாய் வட்டின்னு போட்டிருந்தது. நாலு மாசம் கழிச்சு மீட்கப் போனா 22 சதவீதம் போட்டிருந்தாங்க. கேட்டதுக்கு ரசீதுப் பின்பக்கத்தைக் காட்டினாங்க. மாசா மாசம் வட்டி கட்டினால்தான் அந்த ஒரு ரூபாய். விட்டுட்டா நாள் ஏற ஏற விகிதம் ஏறும், அதுவும் முதல் நாளிலிருந்தே சேர்த்து. மூணரை லட்சத்துக்கு அது 25,000-ஐத் தாண்டும். இவர் வங்கியில் கொடுத்தது கட்டணத்தோட சேர்த்து 12,400 கூட இல்லை.

முன்னாள் கிளை மேலாளர்

அதனால்தான் நகைக்கடனில் விகிதத்தைக் கேட்காதீங்க, "120-வது நாள் மொத்தமா மீட்டால் எவ்வளவு கட்டணும்?" என்று ரூபாயில் கேளுங்க. திருப்பூர் நண்பருக்கு வங்கிக் கட்டணத்தையும் சேர்த்தால் வருஷத்துக்கு 10.8 சதவீதம் வருது. ஒரு மாசத்தில் மீட்டிருந்தால் அதே 1,450 கட்டணம் 30 நாள் மேல விழுந்து 14-ஐத் தாண்டியிருக்கும். சின்னக் கட்டணம் குறுகின காலத்தில் பெரிசாகும். ஓடியில் இது இன்னும் மோசம். உங்க கதையைச் சொல்லுங்க.

பவர்டேபிள்காரன்

ஓடி லிமிட் 5 லட்சம், வீட்டுப் பத்திரம் வெச்சு. வட்டி, எடுத்த பணத்துக்கு எடுத்த நாளுக்கு மட்டும். மூணரை லட்சம் 120 நாளுக்கு 12,658. ரொம்பச் சந்தோஷம். அப்புறம் மத்ததைக் கூட்டினேன். பத்திரம் ஒப்படைச்சதைப் பதிவு பண்ண 7,500. வக்கீல் கருத்துரையும் சொத்து மதிப்பீடும் 6,000. செயலாக்கக் கட்டணம் ஜிஎஸ்டியோட 5,900. சரக்குக்குக் காப்பீடு 2,500. எல்லாம் சேர்த்து 34,558. நாலு மாசம் உபயோகிச்ச மூணரை லட்சத்துக்கு அது வருஷம் 30 சதவீதம்! 11-ன்னு நெனச்சுக் கையெழுத்துப் போட்டேன்.

கணக்கப்பிள்ளை (ஈரோடு)

அப்போ ஓடியும் சீட்டும் அண்ணன் தம்பிதான்னு ஆகிப்போச்சே.

முன்னாள் கிளை மேலாளர்

முதல் வருஷம் மட்டும். பதிவும் வக்கீலும் மறுபடி வராது. இரண்டாம் வருஷம் புதுப்பிப்புக் கட்டணமும் காப்பீடும்னு 8,400 வெச்சுக்கோங்க. அதே நாலு மாசத்துக்கு எடுத்தால் 18 சதவீதம். வருஷத்தில் பத்து மாசம் அதே பணம் வெளியில் நின்றால் 14-க்குக் கீழே இறங்கும். ஓடி என்பது வாடகைக்கு எடுத்த குதிரை மாதிரி. லாயத்தில் நின்னாலும் புல்லு போட்டாகணும்.

உங்களுக்கு வருஷத்தில் நாலு மாசம்தான் பணம் வேணும்னா, என் கணக்கில் வங்கி நகைக்கடன்தான் ஜெயிக்குது.

பவர்டேபிள்காரன்

கணக்கு சரிதான் சார். ஆனா 2023-ல் நகை வங்கியில் இருந்தப்போ மச்சினன் கல்யாணம் வந்தது. என் வீட்டுக்காரி கவரிங் போட்டுக்கிட்டு மண்டபத்துக்கு வந்தா. ஒண்ணும் சொல்லலை. அதனால்தான் அடுத்த வருஷம் ஓடிக்குப் போனேன்.

கடைவீதி (சேலம்)

இதை எந்தக் கட்டத்தில் போடறது சார்?

முன்னாள் கிளை மேலாளர்

அதுக்கு என்கிட்டே சூத்திரம் இல்லை. ஓடியைத் தொடர்றதுன்னா ஒண்ணு செய்யுங்க. பில் பணம் எந்தக் கணக்குக்கு வருதுன்னு பாருங்க. பலர் பழைய நடப்புக் கணக்கு எண்ணையே பில்லில் விட்டுடுவாங்க. அங்கே 2 லட்சம் பத்து நாள் தூங்கும், இங்கே அதே 2 லட்சத்துக்கு நாளைக்கு 60 ரூபாய் ஓடிக்கிட்டிருக்கும். அப்புறம் கணக்கு அறிக்கையில் வட்டி தவிர வேற என்னென்ன பிடிச்சிருக்காங்கன்னு வரி வரியா படிங்க.

பவர்டேபிள்காரன்

படிச்சேன். பழைய எண்தான் பில்லில் இருக்கு, போன வருஷம் ரெண்டு தடவை பணம் அங்கேதான் விழுந்திருக்கு. அதோட சரக்கு இருப்புப் பட்டியல் தாமதம்னு 590 ரூபாய், மூணு தடவை. பட்டியல் கொடுக்கணும்னே எனக்கு யாரும் சொல்லலை. கையெழுத்துப் போட்ட காகிதத்தில் இருக்கும்கறாங்க. அடுத்த மாசம் புதுப்பிக்கணும். இன்னும் முடிவு பண்ணலை.