ஓடிபி மலேசியாவுக்குப் போன கதை: காலாண்டு ஜிஎஸ்டி கட்டும் வியாபாரிகளுக்கு ஒரு நினைவூட்டல்

வரி ஆலோசகர், காரைக்குடி

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடும் வியாபாரிகளுக்கு ஒவ்வொரு மாதமும் நான் அனுப்பும் செய்தி இது. தேதியைக் காலியாகவே வைத்திருக்கிறேன், அவரவர் நிலைமைக்கும் அந்த மாத அறிவிப்புக்கும் ஏற்ப நிரப்பிக்கொள்ளலாம்.

> வணக்கம். ________ மாதக் கணக்கு.
> விற்பனை பில்கள் என் கைக்கு வர வேண்டிய நாள்: __/__
> ஐஎஃப்எஃப் ஏற்றி ஓடிபி போட்டு முடிக்க: __/__
> மாதத் தொகை செலான் கட்ட: __/__
> காலாண்டு முடிவில் ஜிஎஸ்டிஆர்-1: __/__, 3பி: __/__
> ஓடிபி எந்த போனுக்கு வரும், அந்த போன் அன்று யார் கையில் இருக்கும்: ________

வழக்கமான தேதிகள் இவைதான். காலாண்டின் முதல் இரண்டு மாத விற்பனை பில்களை ஏற்றும் ஐஎஃப்எஃப் அடுத்த மாதம் 13, செலான் 25. காலாண்டு முடிந்த அடுத்த மாதத்தில் விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 13-ஆம் தேதி, வரி கணக்கை முடிக்கும் 3பி தமிழ்நாட்டில் 22-ஆம் தேதி. சில சமயம் அரசு நீட்டிக்கும், ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

கடைசி வரியைப் பார்த்து இது எதற்கு என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஆத்தங்குடிப் பக்கம் ஒரு டைல்ஸ் பட்டறைக்காரர் கதையைச் சொன்னால் புரியும். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஜூலையில் மதுரைக் கான்ட்ராக்டர் ஒருவருக்கு டைல்ஸ் அனுப்பினார். பில் 1,00,000 ரூபாய், 18 சதவீதம் வரி 18,000, மொத்தம் 1,18,000. கான்ட்ராக்டர் மாதாமாதம் ரிட்டர்ன் போடுபவர். பட்டறையில் கணக்கு பார்க்கும் பையன் ஆகஸ்ட் 12 அன்றே பில்லை ஐஎஃப்எஃப்-இல் ஏற்றிவிட்டான். ஏற்றினான், சேவ் ஆனது, அதோடு நின்றுவிட்டது. ஏனென்றால் ஃபைல் செய்ய ஓடிபி வேண்டும், ரிஜிஸ்ட்ரேஷனில் கையெழுத்துப் போடுபவராக இருப்பது இவருடைய அண்ணன், அவர் இருப்பது மலேசியாவில். அந்த நம்பர் சிம் அங்கே வேலை செய்யவில்லை. மெயிலுக்கும் ஓடிபி வரும்தான், ஆனால் ரிஜிஸ்டர் செய்யும்போது யாரோ ஒரு பிரவுசிங் சென்டரில் உண்டாக்கிய மெயில், பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. 13 தாண்டியது, ஐஎஃப்எஃப் மூடிக்கொண்டது.

வாங்கிய பில்களுக்கு எவ்வளவு வரி வரவு எடுக்கலாம் என்று காட்டும் பட்டியல்தான் 2பி. 14-ஆம் தேதி கான்ட்ராக்டரின் 2பி வந்தது, அதில் இந்த பில் இல்லை.

சேவ் என்பது வேறு, ஃபைல் என்பது வேறு. திரையில் பில் தெரிகிறதே என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். நிலை 'Filed' என்று மாறி, ஒப்புகையாக ஏஆர்என் எண் வந்தால்தான் முடிந்தது என்று அர்த்தம். எனக்கு ஏஆர்என் எண்ணை அனுப்புங்கள் என்று நான் நச்சரிப்பதற்குக் காரணம் அதுதான்.

கான்ட்ராக்டர், மதுரை

சார் சொல்லும் கான்ட்ராக்டர் நான்தான். காரைக்குடியிலும் கானாடுகாத்தானிலும் பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் வேலை எடுத்துச் செய்கிறோம், டைல்ஸ் எல்லாம் அங்கிருந்துதான் வாங்குகிறோம், சரக்கில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் 2பி-இல் இல்லாத பில்லுக்கு நான் வரவு எடுக்க முடியாது. ஆகஸ்ட் 20 அன்று 3பி போடும்போது அந்த 18,000-ஐக் கையிலிருந்து கட்டினேன். அதனால்தான் பட்டறை அண்ணனுக்கு ஒரு லட்சத்தை மட்டும் அனுப்பிவிட்டு வரித்தொகையை நிறுத்தி வைத்தேன். அவருக்கு வருத்தம். எனக்கும் வேறு வழி இல்லை, மேலே எனக்குப் பணம் தர வேண்டியவர் இதற்காகக் கூடுதலாக ஒரு ரூபாய் தரமாட்டார்.

டைல்ஸ் பட்டறை, ஆத்தங்குடி

தம்பி, வருத்தம் உங்கள் மேல் இல்லை. பில்லைச் சரியாகப் போட்டு, சரக்கை உடையாமல் அனுப்பி, அப்புறமும் பணம் நின்றால் என்ன செய்வது. மணல், சிமெண்ட், ஆள்கூலி எல்லாம் ரொக்கம். ஆடிட்டர் சார் சொன்னபடி ஆகஸ்ட் மாத ஐஎஃப்எஃப்-இல் ஜூலை பில்லையும் சேர்த்துப் போட்டோம். செப்டம்பர் 14 அன்று உங்கள் 2பி-இல் வந்துவிட்டது என்று நீங்களே போன் செய்தீர்கள்.

வரி ஆலோசகர், காரைக்குடி

ஆமாம், இதைப் பலர் கவனிப்பதில்லை. முதல் மாதம் விட்ட பில்லை இரண்டாம் மாத ஐஎஃப்எஃப்-இல் போடலாம். அதையும் விட்டால் காலாண்டு ஜிஎஸ்டிஆர்-1 வரை, அதாவது அக்டோபர் 13 வரை காத்திருக்க வேண்டியிருக்கும், கான்ட்ராக்டருக்கு அக்டோபர் 14 வரும் 2பி-இல்தான் தெரியும். ஒரு மாதத் தாமதத்தோடு முடிந்தது, இல்லையென்றால் இரண்டு மாதம் இழுத்திருக்கும்.

பெயிண்ட் கடை, தேவகோட்டை

இவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. ஐஎஃப்எஃப் கட்டாயமே இல்லை, விருப்பம்தான். நான் போடுவதே கிடையாது. மாதச் செலானும் அப்படித்தான், லேட் ஃபீ எதுவும் விழாது. காலாண்டு முடிந்து 22 அன்று மொத்தமாகக் கட்டிவிடுகிறேன், யாரும் ஒன்றும் கேட்டதில்லை.

வரி ஆலோசகர், காரைக்குடி

அண்ணே, பாதி சரி. ஐஎஃப்எஃப் விருப்பம்தான். உங்கள் கடையில் வீடு கட்டுகிறவர்கள், பெயிண்டர்கள் என்று ஜிஎஸ்டி எண் இல்லாதவர்கள்தானே அதிகம், அவர்களுக்கு 2பி கிடையாது, அதனால் உங்களுக்கு இடிக்கவில்லை. நம்பர் உள்ள கடைக்கு விற்றால் இடிக்கும்.

செலான் விஷயம் வேறு. லேட் ஃபீ இல்லை என்பது உண்மை, ஆனால் 18 சதவீத வட்டி உண்டு. உதாரணத்துக்கு, போன காலாண்டில் நீங்கள் ரொக்கமாகக் கட்டிய வரி 40,000 என்றால், போர்ட்டலே அதில் 35 சதவீதம், 14,000 என்று செலான் போட்டுத் தரும். 25-க்குள் அதைக் கட்டிவிட்டால், அந்த மாத விற்பனை கூடியிருந்தாலும் மீதியை 3பி-யோடு கட்டினால் வட்டி இல்லை. கட்டாமல் 20 நாள் தள்ளினால் சுமார் 138 ரூபாய். சின்னத் தொகை என்று தோன்றும், ஆனால் முதல் மாதத்தையும் இரண்டாம் மாதத்தையும் காலாண்டு முடிவு வரை தள்ளிக்கொண்டே போனால் நாட்கள் கூடும். போர்ட்டலில் உங்கள் பெயரில் உள்ள லெட்ஜரில் ஏற்கெனவே போதுமான இருப்பு இருந்தால் கட்ட வேண்டாம், உங்களுக்கு யாரும் எதுவும் கேட்காததற்கு அது காரணமாக இருக்கலாம். லாகின் செய்து ஒருமுறை பாருங்கள்.

அப்புறம் இன்னொன்று. செலான் கட்டுவதும் ரிட்டர்ன் போடுவதும் ஒன்றில்லை. இரண்டு செலான் கட்டியாகிவிட்டது, இனி என்ன என்று 3பி-யை மறந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பணம் லெட்ஜரில் சும்மா கிடக்கும், இந்தப் பக்கம் ஒரு நாளைக்கு 50 ரூபாய் லேட் ஃபீ ஓடிக்கொண்டிருக்கும். செலானில் வரி என்ற கட்டத்துக்குப் பதிலாக வட்டி என்ற கட்டத்தில் தொகையைப் போட்டுவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. பணம் போய்விடாது, பிஎம்டி-09 படிவம் மூலம் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் 22 அன்று ராத்திரி அதைக் கண்டுபிடித்தால் கஷ்டம்.

பலகாரக் கடை ஆச்சி, பள்ளத்தூர்

தம்பி எனக்கும் 22 தானா? நான் பில்லில் வரியே போடுவதில்லை, ஒரு சதவீதம்தான் கட்டுகிறேன். போன தடவை என் பேரன் 18 என்றான். பெங்களூரில் இருக்கிற பிள்ளைகள் சீப்புச் சீடையும் மணகோலமும் கேட்கிறார்கள், பார்சல் ஆபீசில் போட்டு அனுப்புகிறேன், அதற்கும் சேர்த்துத்தான் கட்டுகிறேன்.

வரி ஆலோசகர், காரைக்குடி

ஆச்சி, பேரன் சொன்னது சரி. நீங்கள் காம்போசிஷன், மேலே எழுதிய தேதி எதுவும் உங்களுக்கு இல்லை. காலாண்டு முடிந்து 18-க்குள் வரி கட்டும் சிஎம்பி-08, வருஷத்துக்கு ஒருமுறை ஜிஎஸ்டிஆர்-4 ரிட்டர்ன்.

ஆனால் பெங்களூர் பார்சல் என்றீர்களே, அது எனக்குக் கவலையாக இருக்கிறது. காம்போசிஷனில் இருப்பவர் வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்கக்கூடாது. அந்தப் பிள்ளைகள் கடைக்கு வந்து வாங்கித் தாங்களே எடுத்துப்போனால் அது வேறு, நீங்கள் அனுப்பினால் வேறு. இதுவரை அனுப்பியதற்கு என்ன செய்வது என்பதைப் பார்சல் ரசீதுகளைப் பார்க்காமல் சொல்ல முடியாது. ரசீதுகளை எடுத்துக்கொண்டு வாருங்கள், அதுவரை புதிதாக அனுப்ப வேண்டாம்.

பலகாரக் கடை ஆச்சி, பள்ளத்தூர்

தீபாவளிக்கு ஆர்டர் வாங்கி வைத்திருக்கிறேனே.

வரி ஆலோசகர், காரைக்குடி

அதனால்தான் சீக்கிரம் வரச் சொல்கிறேன் ஆச்சி.

தங்கும் விடுதி, கானாடுகாத்தான்

எங்கள் வீட்டில் நாலு அறை மட்டும் விருந்தினருக்கு விடுகிறோம். வெயில் காலத்தில் ஒரு காலாண்டு முழுக்க ஆளே வரவில்லை. பில்லே இல்லையென்றால் ரிட்டர்ன் எதற்கு என்று விட்டுவிட்டோம். பிறகு அடுத்த ரிட்டர்ன் போடப்போனால் பழையதை முடி என்று தடுத்தது, லேட் ஃபீயும் கேட்டது. விற்பனை இல்லாததால் நாளுக்கு 20, அதிகபட்சம் 500 என்பதால் பெரிய அடி இல்லை. இப்போது எஸ்எம்எஸ் மூலமே போட்டுவிடுகிறேன், பதிவு செய்த போனிலிருந்து 14409 எண்ணுக்கு.

```
NIL 3B <GSTIN> <MMYYYY>
CNF 3B <code>
```

முதல் செய்திக்கு ஒரு குறியீடு பதிலாக வரும், அதை வைத்து இரண்டாவதை அனுப்ப வேண்டும். காலாண்டுக்காரர்கள் காலாண்டின் கடைசி மாதத்தைப் போட வேண்டும்.

வரி ஆலோசகர், காரைக்குடி

நன்றாகச் சொன்னீர்கள். விற்பனை இல்லாவிட்டாலும், அந்தக் காலாண்டில் வாங்கிய பில்லுக்கு வரவு எடுக்க வேண்டுமானால் அது நில் ஆகாது, எஸ்எம்எஸ் வழியில் போக வேண்டாம். இதற்கும் அதே போன் வேண்டும் பாருங்கள்.

டைல்ஸ் அண்ணே, போன் நம்பர் மாற்றும் வேலை எந்த அளவில் இருக்கிறது? ரிஜிஸ்ட்ரேஷனில் நான்-கோர் திருத்தத்தில் போய் மாற்ற வேண்டும், அதிகாரி ஒப்புதல் தேவையில்லை, ஆனால் அந்தத் திருத்தத்துக்கும் கையெழுத்து ஓடிபி வேண்டும். அண்ணன் ஊருக்கு வரும்போது முடித்துவிடுங்கள்.

டைல்ஸ் பட்டறை, ஆத்தங்குடி

அண்ணன் கோயில் படைப்புக்கு வருகிறார், அப்போது என் பெயரையும் சேர்த்துவிடுகிறோம். ஆகஸ்ட் ஐஎஃப்எஃப்-க்கு அவர் அங்கே சிம்மை ரோமிங் போட்டுத்தான் ஓடிபி சொன்னார். இன்னொன்று கேட்க வேண்டும், பேசாமல் மாதாமாதம் ரிட்டர்னுக்கே மாறிவிடலாமா?

வரி ஆலோசகர், காரைக்குடி

உங்கள் விற்பனையில் பெரும்பங்கு ஜிஎஸ்டி நம்பர் உள்ளவர்களுக்குத்தான், மாறுவது நல்லது என்றுதான் நான் நினைக்கிறேன். அக்டோபர் காலாண்டுக்கு மாற அக்டோபர் 31 வரை நேரம் இருக்கிறது. ஆனால் மாதாமாதம் 11-க்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20-க்குள் 3பி. பையன் ஒருவனை நம்பித்தான் கணக்கு ஓடுகிறது என்றால் யோசித்துச் செய்யுங்கள்.

கான்ட்ராக்டர், மதுரை

அண்ணே, வரித்தொகை 18,000-ஐ அனுப்பிவிட்டேன், பாருங்கள். அந்த ஒரு மாதம் என் பணம் முடங்கியதற்கு ஏதாவது கழித்துக்கொள்ளலாமா என்று என் கணக்குப்பிள்ளை கேட்கிறார்.

டைல்ஸ் பட்டறை, ஆத்தங்குடி

வந்துவிட்டது தம்பி. கழிப்பதைப் பற்றி நேரில் பேசலாம், அதே ஒரு மாதம் என் பணமும் உங்களிடம்தானே நின்றது.